கை, பாதம், வாயில் கொப்புளம்: பராமரிப்பு நிலையத்திலிருந்து கடிதம் வந்தால் வீட்டில் செய்ய வேண்டியவை
(சமூக சேவைகள் தகவல் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நான் வைத்தியர் அல்லேன். சட்டம் பயின்று, மாநகரசபையில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றுபவன். இன்று பேசவிருக்கும் கை, கால், வாய் நோய் பற்றிய அறிவித்தல்கள் என் மேசைக்கு அடிக்கடி வருவதுண்டு. அவற்றைத் தமிழாக்கும்போது எமது பெற்றோர் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அந்த இடங்களை மட்டும் இங்கே விளக்க விரும்புகிறேன்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஆங்கிலப் பெயரில் கால் என்று குறிப்பிடப்படுவது பாதமே. கொப்புளங்கள் முக்கியமாகத் தோன்றும் இடங்கள் உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறம் ஆகிய மூன்றும் ஆகும். சில பிள்ளைகளுக்குப் பிட்டத்திலும் முழங்காலிலும் வாயைச் சுற்றியும் வரலாம். ஊரில் மாடுகளுக்கு வரும் கோமாரி நோயின் ஆங்கிலப் பெயரும் ஏறத்தாழ இவ்வாறே ஒலிப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்சுபவர்கள் உள்ளனர். அவை வேறு வேறு வைரசுகளால் வருபவை. கோமாரியிலிருந்து பிள்ளைக்கு இது வருவதில்லை. கேரளத்திலும் தமிழகத்திலும் தக்காளிக் காய்ச்சல் என்று 2022ஆம் ஆண்டில் செய்திகளில் அடிபட்டதும் பெரும்பாலும் இந்த நோயே.

இந்த நோய்க்கும் நாம் வாழும் நகருக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ரொறன்ரோவில் பிள்ளைகளிடையே காய்ச்சலும் தொண்டைப் புண்ணும் தோற்கொப்புளமும் ஒன்றாகப் பரவின. ஒரே வீட்டில் ஒருவர் பின் ஒருவராக நோயுற்றனர். அதனை ஆராய்ந்த ரொபின்சன், டோன், றோட்ஸ் ஆகிய மூவரும் நோயாளரிடமிருந்து கொக்ஸாக்கி ஏ16 என்ற வைரசைப் பிரித்தெடுத்து, மறு ஆண்டு கனடிய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டனர். இந்நோயை முதன்முதலில் தெளிவாக விவரித்த அறிக்கைகளுள் அது ஒன்றாகும். கை, கால், வாய் நோய் என்ற பெயர், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் 1959இல் ஏற்பட்ட பரவலுக்குப் பின்னரே வழக்கிற்கு வந்தது. எனவே இது வேறு நாட்டிலிருந்து குடியேற்றவாசிகள் கொண்டுவந்த நோய் என்று யாரேனும் சொன்னால், அதனை முதலில் தெளிவாக விவரித்த அறிக்கைகளுள் ஒன்று ரொறன்ரோவிலிருந்தே வந்தது என்று நீங்கள் பதில் கூறலாம்.

அந்த வைரசு இளம்பிள்ளைவாத வைரசு சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்து வைரசுகள் தொண்டையிலும் குடலிலும் பெருகுகின்றன. இந்த ஒரு செய்தியை மனதில் வைத்துக்கொண்டால் தொற்றுப் பற்றிய ஏனைய அனைத்தும் எளிதில் விளங்கும். தொண்டையில் பெருகுவதால் எச்சில், மூக்குச்சளி, இருமல், தும்மல் ஆகியவற்றின் வழியே பரவுகிறது. குடலில் பெருகுவதால் மலத்தின் வழியே பரவுகிறது. உடைந்த கொப்புளத்தின் நீரிலும் வைரசு உண்டு. தொண்டையில் அது ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை இருக்கலாம். மலத்திலோ கொப்புளம் முற்றாக மறைந்த பின்னரும் பல வாரங்கள் வெளியேறிக்கொண்டிருக்கும்.

இனி, பராமரிப்பு நிலையத்திலிருந்து வரும் கடிதத்திற்கு வருவோம். அறையில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் இருப்பதாகவும், செயற்பாடுகளில் பங்குபற்றும் அளவிற்கு நலமாக உள்ள பிள்ளைகள் தொடர்ந்து வரலாம் என்றும் அதில் இருக்கும். இதைப் படிக்கும் பெற்றோர் பலருக்குக் கோபம் வருகிறது. தொற்றுநோய் உள்ள பிள்ளையை ஏன் உள்ளே விடுகிறார்கள் என்று கேட்கிறார்கள். கொப்புளிப்பான் வந்த பிள்ளையை வீட்டின் ஓர் அறையில் வைத்து, வேப்பிலை கட்டி, தலைக்குத் தண்ணீர் வார்க்கும் நாள் வரை வெளியே விடாமல் வளர்த்தவர்கள் நாம். ஆதலால் இக்கேள்வி இயல்பானதே.

விடை வைரசின் போக்கில் இருக்கிறது. தொற்று ஏற்பட்டு மூன்று முதல் ஆறு நாட்களில் நோய்க்குறி தோன்றும். கொப்புளம் கண்ணிற்படுவதற்கு முன்னரே பிள்ளை தொற்றைப் பரப்பத் தொடங்கிவிடுகிறது. கொப்புளம் மறைந்த பின்னரும் வாரக்கணக்கில் மலத்தில் வைரசு இருக்கிறது. தொற்று ஏற்பட்டும் ஒரு கொப்புளமும் வராத பிள்ளைகளும் பெரியவர்களும் உண்டு. ஆகவே கொப்புளம் உள்ள பிள்ளையை மட்டும் ஒரு வாரம் வீட்டில் நிறுத்துவதால் பரவல் நின்றுவிடுவதில்லை. கனடியச் சிறுவர் மருத்துவச் சங்கமும் இதனால்தான், பிள்ளை நலமாக உணர்ந்தால் நிலையத்திற்கு வரலாம் என்கிறது. பரவலைக் குறைப்பது கைகழுவுதலும், டயப்பர் மாற்றும் இடத்தின் தூய்மையும், வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருட்களைக் கழுவுவதும் ஆகும்.

ஆனால் "நலமாக உள்ள பிள்ளை" என்பதன் பொருளைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் உள்ள பிள்ளையும், வாய்ப்புண்ணின் வலியால் குடிக்க மறுத்து அழும் பிள்ளையும் நலமான பிள்ளைகள் அல்லர். அவர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்து அனுப்பினால், அதன் பயன் நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் தீரும். பதினொரு மணியளவில் காய்ச்சல் திரும்பும், நிலையம் உங்களை வேலையிடத்திலிருந்து அழைக்கும். மருந்து கொடுக்காமலே ஒரு முழு நாள் காய்ச்சலின்றி இருந்து, வழமைபோல் குடித்து விளையாடும் பிள்ளையை அனுப்புவதே சரி.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகக் கூறுகிறேன். ஒன்ராறியோவின் 2014ஆம் ஆண்டுச் சிறுவர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த விதிகளின்படி, உரிமம் பெற்ற நிலையம் ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் ஏனைய பிள்ளைகளுடன் கலக்கும் முன்னர் அவதானிக்க வேண்டும். நோயுற்றதாகத் தோன்றினால் தனியே இருத்தி, குறிகளைப் பதிவேட்டில் எழுதி, பெற்றோரை அழைத்துப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுசெல்லச் செய்ய வேண்டும். ஊழியர் உங்களை அழைப்பது இந்தக் கடமையின் பேரில்தான். உங்கள் பிள்ளையை வேறுபடுத்தி நடத்துவதாக அதைக் கருத வேண்டியதில்லை. நிலையத்தில் மருந்து கொடுக்க வேண்டுமாயின் உங்கள் எழுத்துமூல அனுமதியும், பிள்ளையின் பெயர் ஒட்டிய மூலப் போத்தலும் தேவை. நிலையங்கள் தமது பெற்றோர் கைநூலில் இதைவிடக் கண்டிப்பான ஒழுங்கை வகுத்திருக்கவும் கூடும். ஆகவே சேரும்போது தரப்படும் அக்கைநூலில் நோய் பற்றிய பக்கத்தை இன்றே ஒருமுறை படித்து வையுங்கள்.

வேலை செய்யும் பெற்றோருக்கு இன்னொன்று. ஒன்ராறியோவின் வேலை நியமங்கள் சட்டம், இரு வாரங்களாவது தொடர்ச்சியாக வேலை செய்த பெரும்பாலான தொழிலாளருக்கு, பிள்ளையின் நோய் போன்ற காரணங்களுக்காக ஆண்டுக்கு மூன்று நாட்கள் குடும்பப் பொறுப்பு விடுமுறை தருகிறது. அதற்குச் சம்பளம் இல்லை. ஆனால் அதை எடுத்ததற்காக உங்களை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ முடியாது. விடுமுறை எடுக்கப்போவதை முன்கூட்டியே வேலை வழங்குநருக்கு அறிவியுங்கள். முன்கூட்டி முடியாதபோது இயன்ற விரைவில் அறிவியுங்கள்.

இனி வீட்டில் என்ன நிகழும் என்பதை ஓர் உதாரணம் கொண்டு பார்ப்போம். இரண்டரை வயதும் 12 கிலோ நிறையும் உள்ள ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மாலை சிறிது காய்ச்சல். இராச்சாப்பாடு வேண்டாம் என்கிறது. செவ்வாய்க்கிழமை அழுதுகொண்டு வாயில் விரலை வைக்கிறது, எச்சில் வழிகிறது. நாவிலும் கன்னத்தின் உட்புறத்திலும் சிவந்த புள்ளிகள் தோன்றிப் புண்களாகின்றன. புதன்கிழமை உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த விளிம்புடன் சாம்பல் நிறக் கொப்புளங்கள் தெரிகின்றன. இவை பெரும்பாலும் அரிப்பதில்லை, தொட்டால் நோகலாம். கொப்புளிப்பானோ முகம், தலை, நெஞ்சு, முதுகு ஆகிய இடங்களில் தொடங்கிக் கடுமையாக அரிக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே பெரும்பாலும் இரண்டையும் பிரித்தறியலாம். ஐயமிருந்தால், குறிப்பாகக் கொப்புளிப்பான் தடுப்பூசி போடாத பிள்ளையாயின், வைத்தியரிடம் காட்டுங்கள்.

வெள்ளி, சனி வரை வாய்ப்புண்ணே பெருந்தொல்லை. கொப்புளங்கள் கண்ணை உறுத்தினாலும் அவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. குத்தி உடைக்கவும் கூடாது. தோலைத் தூய்மையாக வைத்திருந்தாற் போதும். ஏழு முதல் பத்து நாட்களில் அனைத்தும் தானே ஆறும். இதற்குத் தனியான மருந்தில்லை. வைரசு நோயாதலால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கும் இங்கு வேலையில்லை. வைத்தியர் அதை எழுதித் தராவிட்டால் அவர் அக்கறையற்றவர் என்று எண்ண வேண்டாம்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? வலியைக் குறைத்து, பிள்ளையைக் குடிக்க வைப்பதே. இந்நோயில் பிள்ளைகள் வைத்தியசாலை செல்வது பெரும்பாலும் கொப்புளத்தால் அன்று, விழுங்க நோவதால் குடிக்காமல் உடலில் நீர் வற்றிவிடுவதால்தான்.

வலிக்கு அசற்றமினோஃபென் கொடுக்கலாம். ஊரில் நாம் பரசிற்றமோல் என்பதும் இங்கு ரைலனோல் என்று விற்கப்படுவதும் இதுவே. ஒரு தடவைக்கான அளவு கிலோவிற்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு அது 120 முதல் 180 மில்லிகிராம். நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒரு தடவையாக, 24 மணி நேரத்தில் ஐந்து தடவைக்கு மேற்படாமல் கொடுக்கலாம்.

இங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. கனடாவில் இம்மருந்து இருவிதச் செறிவுகளில் விற்கப்படுகிறது. சிறுவர் பாணியில் 5 மில்லிலீற்றரில் 160 மில்லிகிராம் இருக்கும். கைக்குழந்தைகளுக்கான துளிமருந்திலோ 1 மில்லிலீற்றரிலேயே 80 மில்லிகிராம் இருக்கும். குழந்தை மருந்தென்றால் வலு குறைந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் துளிமருந்தே இரண்டரை மடங்கு செறிவானது. எமது பிள்ளைக்கு 160 மில்லிகிராம் வேண்டுமாயின் சிறுவர் பாணியில் 5 மில்லிலீற்றர், துளிமருந்தில் வெறும் 2 மில்லிலீற்றர். பாணிக்குரிய 5 மில்லிலீற்றரைத் துளிமருந்துப் போத்தலிலிருந்து எடுத்துவிட்டால் 400 மில்லிகிராம் உள்ளே போய்விடும். அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஈரல் பாதிக்கப்படும். ஊரிலிருந்து கொண்டுவந்த பாணிகளின் செறிவு மீண்டும் வேறு. ஆதலால் போத்தலைக் கையிலெடுத்து, எத்தனை மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று வாசித்து, அத்துடன் வந்த அளவுகுழாயாலேயே அளந்து கொடுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்க வேண்டாம். பகலில் அம்மம்மாவும் இரவில் தாயும் பார்ப்பதாயின், கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒட்டுங்கள்.

ஐபுபுரோஃபென் மருந்தை ஆறு மாதத்திற்குக் குறைந்த குழந்தைக்கும், சரியாகக் குடிக்காமல் நீர் வற்றியிருக்கும் பிள்ளைக்கும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கலாகாது. அஸ்பிரின் சிறுவருக்குக் கூடவே கூடாது. வாயை மரக்கச் செய்யும் களிம்புகளையும் இளம் பிள்ளைகளுக்குப் பூச வேண்டாம். அவை உடலில் உறிஞ்சப்பட்டுத் தீங்கு செய்யக்கூடும்.

அடுத்து நீராகாரம். மருந்து கொடுத்து அரை மணி நேரத்தின் பின் வலி தணிந்திருக்கும்போது குடிக்கக் கொடுங்கள். குளிர்ந்தது நல்லது. குளிர்ந்த பால், தண்ணீர், இளநீர், ஆறிய கஞ்சி, தயிர், மசித்த வாழைப்பழம், ஐஸ்பழம், ஐஸ்கிறீம் ஆகியவை ஏற்றவை. நோயுள்ள நேரத்தில் குளிர்ந்தது கொடுத்தால் சளி பிடிக்கும் என்று மூத்தோர் தயங்குவர். இந்த நோயில் குளிர்ச்சி புண்ணை மரக்கச் செய்து விழுங்குவதை எளிதாக்குகிறது, சளியை உண்டாக்குவதில்லை. தோடம்பழச் சாறு, தேசிக்காய்த் தண்ணீர், இரசம், புளி, உறைப்பு, உப்புக் கூடியவை, சூடானவை ஆகியன புண்ணில் பட்டால் எரியும். ஒருமுறை எரிந்தால் அடுத்த கோப்பையையும் பிள்ளை தட்டிவிடும். சில நாட்கள் கட்டியான உணவு உண்ணாவிட்டாலும் கவலையில்லை. நீராகாரம் உட்சென்றாற் போதும்.

கோப்பையைத் தட்டிவிடும் பிள்ளைக்கு ஊசியற்ற சிரிஞ்சாலோ தேக்கரண்டியாலோ ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை 5 மில்லிலீற்றர் கன்னத்தின் பக்கமாக விடுங்கள். அது மிகச் சிறிதாகத் தோன்றும். ஆனால் மணிக்கு 60 மில்லிலீற்றர் ஆகிறது. 10 மில்லிலீற்றராகக் கூட்டினால் மணிக்கு 120. இவ்வளவு நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் வழமையாகத் தேவைப்படுவது ஏறத்தாழ 1,100 மில்லிலீற்றர் நீர். ஆகவே பொறுமையாகக் கொடுக்கப்படும் சிறு கரண்டிகள் ஒரு நாளைச் சமாளித்துவிடும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்கு அதைத் தொடர்ந்து கொடுங்கள். ஒரு வயதிற்குட்பட்ட குழந்தைக்குத் தேன் தடவ வேண்டாம்.

போதுமான நீர் சேர்கிறதா என்பதை டயப்பர் சொல்லும். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழும்போது கண்ணீர் இல்லை, நா வறண்டிருக்கிறது, கண் குழிவிழுந்திருக்கிறது, பிள்ளை சோர்ந்து கிடக்கிறது என்றால் அன்றே வைத்தியரிடம் அல்லது அவசர சிகிச்சைப் பிரிவிற்குக் கொண்டுசெல்லுங்கள். மூன்று நாட்களுக்கு மேல் காய்ச்சல் நீடித்தாலும், மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் அவ்வாறே.

மேலும் சில அபாயக் குறிகளை அறிந்திருங்கள். தூங்கத் தொடங்கும்போது திடுக்குற்றுத் துள்ளுதல் அடிக்கடி நிகழ்வது, நடை தள்ளாடுவது, கழுத்து விறைப்பது, இடைவிடாத வாந்தி, எழுப்பக் கடினமான மயக்கம், மூச்சு விரைவது ஆகியவை வைரசு மூளையையோ நரம்பையோ தொட்டதைக் காட்டலாம். என்ரெரோவைரசு 71 என்ற வகையால் இது நேர்வதுண்டு. 1998இல் தாய்வானில் அது பெரும் பரவலாகிப் பல பிள்ளைகளின் உயிரைப் பறித்தது. இங்கு இது அரிது. ஆயினும் இக்குறிகளில் ஒன்றைக் கண்டால் காத்திராமல் 911ஐ அழைக்க வேண்டும். அவசரமில்லாத ஐயங்களுக்கு இரவிலும் பகலிலும் 811ஐ அழைத்துத் தாதி ஒருவருடன் இலவசமாகப் பேசலாம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் என்று ஒரு சொல் சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயது அண்ணனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மருந்தின் அளவு போன்ற விடயத்தில் ஓர் எண் பிசகினாலும் ஆபத்து.

வீட்டிலுள்ள மற்றவர்களைக் காப்பதற்கு வருவோம். டயப்பர் மாற்றிய பின்னும், மூக்குத் துடைத்த பின்னும், உணவு ஊட்டும் முன்னும் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். இவ்வைரசிற்கு வெளியே கொழுப்பு உறை இல்லை. ஆதலால் மதுசாரக் கைத்தூய்மி இதன்மேல் அவ்வளவு வேலை செய்யாது. மலத்தில் பல வாரங்கள் வைரசு இருப்பதால், கொப்புளம் மாறிய பின்னும் ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு இந்தக் கவனம் தேவை. விளையாட்டுப் பொருட்களையும் கதவுப்பிடிகளையும் முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பின்னர் 980 மில்லிலீற்றர் தண்ணீரில் 20 மில்லிலீற்றர் வீட்டுப் பிளீச் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். கலவையை அன்றன்றே தயாரியுங்கள். வினாகிரியோ வேறு துப்புரவுத் திரவமோ அதில் சேர்க்கவே கூடாது. நச்சுப்புகை எழும். ஒரே கோப்பையையும் துவாயையும் பகிர வேண்டாம்.

பெரியவர்களுக்கும் இந்நோய் தொற்றலாம், பெரும்பாலும் இலேசாகவே இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் அவ்வாறே. எனினும் பிரசவ நாள் நெருங்கிய நிலையில் காய்ச்சலோ கொப்புளமோ கண்டால் பிரசவ வைத்தியருக்குத் தெரிவியுங்கள். பிறந்த சிசுவிற்கு அது கடுமையாகலாம்.

இறுதியாக, பிந்தி வரும் ஓர் அதிர்ச்சியைச் சொல்லி முடிக்கிறேன். நோய் மாறிச் சில வாரங்களின் பின், சில பிள்ளைகளின் கைகால் நகங்கள் அடியிலிருந்து கழன்று விழும். உள்ளங்கையின் தோலும் உரியலாம். சத்துக்குறைவோ புதிய நோயோ என்று பெற்றோர் கலங்குவர். வலியின்றிப் பழைய நகம் விழ, கீழே புதிய நகம் வளர்ந்திருக்கும். மருந்து வேண்டியதில்லை. அதேபோல், அடுத்த ஆண்டு அதே பிள்ளைக்கு இந்நோய் மீண்டும் வந்தால், முதற்தடவை சரியாகக் குணமாகவில்லை என்று பொருளல்ல. பல வகை வைரசுகள் இதை உண்டாக்குகின்றன. ஒன்றிற்கு உண்டான எதிர்ப்பு மற்றொன்றைத் தடுப்பதில்லை. கனடாவில் இதற்குத் தடுப்பூசியும் இல்லை.

இன்று வீடு திரும்பியதும் மருந்துப் பெட்டியைத் திறந்து, அங்குள்ள காய்ச்சல் மருந்துப் போத்தலில் எத்தனை மில்லிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். விளங்காவிட்டால் மருந்தகத்தில் கேளுங்கள், அவர்கள் கட்டணமின்றிச் சொல்வார்கள். கேள்விகள் இருப்பின் இப்போது கேட்கலாம்.